வீட்டுப் படியில் விழுந்தேன் என்று நான் சொன்ன பொய்

நான் எலக்ட்ரீஷியன். ஐ.டி.ஐ. முடித்து பதிமூன்று வருஷமாக இதே வேலைதான். 2022-இல் ஒரு சின்ன எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டரிடம் நாள் கூலி 850 ரூபாய்க்கு இருந்தேன், மாசம் 26 நாள் வேலை வந்துவிடும். அவரிடம் எங்களையெல்லாம் சேர்த்து ஏழு பேர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மெஷின் ஷாப் கம்பெனிக்கு அவர் ஏ.எம்.சி. என்கிற வருஷ மெயின்டனன்ஸ் காண்ட்ராக்ட் எடுத்திருந்தார். பேனல், மோட்டார் வயரிங், லைட் என்று எல்லாம் எங்கள் பொறுப்பு. வாரத்தில் மூன்று நாள் அங்கேதான் கிடப்பேன், கேன்டீன் மாஸ்டருக்குக்கூட என்னைத் தெரியும். அங்கே விழுந்துதான் குதிகாலை உடைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் நடந்ததில் எது என் தப்பு, எது எனக்குத் தெரியாமல் போனது என்று பிரித்துச் சொல்கிறேன். காண்ட்ராக்டரிடம் வேலை செய்கிற யாருக்காவது உதவும்.

ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை. ஷெட்டில் பழைய மெட்டல் ஹேலைடு லைட்டுகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டுகிற வேலை. மெஷின் ஓடுகிற நாளில் மேலே ஏற முடியாது, அதனால் ஞாயிறு ஷட்டவுன் எடுத்துச் செய்தோம். ஞாயிறு என்றால் சேஃப்டி ஆபீசர் கிடையாது, உயரத்தில் வேலை செய்ய எழுதித் தருகிற பர்மிட் கிடையாது, டைம் ஆபீஸ் கிடையாது. கேட்டில் ஒரு செக்யூரிட்டி மட்டும். அவர் நோட்டில் காண்ட்ராக்டர் பேரை எழுதி, பக்கத்தில் ‘5 ஆள்’ என்று போட்டார். அந்த ஐந்தில் நான் ஒருவன் என்பதற்கு அங்கே ஒரு எழுத்தும் இல்லை. அப்போது அதைப் பற்றி யார் யோசித்தார்கள்? உள்ளே போய் வேலையை முடித்து மத்தியானம் பிரியாணி சாப்பிடப் போகலாம் என்பதுதான் யோசனை. இன்றைக்கு எந்த கேட்டுக்குப் போனாலும் என் பேரை எழுதச் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தப் பக்கத்தை போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்கிறேன். செக்யூரிட்டி முறைப்பார், முறைக்கட்டும்.

பதினொன்றரை மணி இருக்கும். நாலாவது லைட். அலுமினிய ஏணியில் பன்னிரண்டு அடி உயரத்தில் நிற்கிறேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த பையனை சூப்பர்வைசர் கேபிள் எடுத்துவர அனுப்பிவிட்டார். லேத் மெஷின் பக்கம் தரையில் எப்போதும் கூலன்ட் ஆயில் கசிந்து கிடக்கும், அதை நாங்கள் எல்லாருமே பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். ஸ்பானரைத் திருப்ப ஒரு பக்கம் சாய்ந்தேன், ஏணியின் கால் வழுக்கியது. இடது கால் நேராகத் தரையில் இறங்கியது. வலி உடனே வரவில்லை, குதிகாலுக்குள் ஏதோ அப்பளம் நொறுங்கின மாதிரி ஒரு சத்தம்தான் முதலில் கேட்டது. செக்யூரிட்டியும் பையனும் தூக்கி உட்காரவைத்தார்கள். சூப்பர்வைசர் காண்ட்ராக்டருக்கு போன் போட்டார். கால் மணி நேரத்தில் அவருடைய ஆம்னி வண்டி வந்தது.

வண்டியில் போகும்போதே காண்ட்ராக்டர் அண்ணன் போனில் என்னிடம் பேசினார். “தம்பி, ஆஸ்பத்திரில கம்பெனின்னு சொல்லிடாத. சொன்னா போலீஸ் கேஸ் ஆயிடும், சேத்துக்கவே மாட்டான். வீட்ல விழுந்துட்டேன்னு சொல்லு, செலவ நான் பாத்துக்கறேன்.” அவர் கெட்டவர் இல்லை, என் தங்கச்சி கல்யாணத்துக்கு முன்பணம் கொடுத்தவர். எனக்கும் அந்த நேரத்தில் ஊசி போட்டு வலி நின்றால் போதும் என்று இருந்தது. தனியார் நர்சிங் ஹோமில் டாக்டர் கேட்டதும், “வீட்டு மாடிப்படியில் விழுந்துட்டேன் சார்” என்றேன். அவர் எழுதிக்கொண்டார். ஒரு வரிதான். அந்த ஒரு வரியின் விலை என்ன என்பது ஒன்றரை வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். குதிகால் எலும்பு பல துண்டு, பிளேட் வைக்கணும், ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆகும் என்றார்கள். இரண்டு ராத்திரிக்கு பில் 38,400. காண்ட்ராக்டர் பத்தாயிரம் கட்டினார், மீதிக்கு வீட்டில் மூன்று சவரன் சங்கிலியை 80,000-க்கு அடகு வைத்தார்கள். இதற்குமேல் நம்மால் முடியாது என்று டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்குப் போனோம். வண்டியில் டிஸ்சார்ஜ் பேப்பரைப் படித்த என் மனைவி, “ஏங்க, நாம இருக்கறது கீழ் போர்ஷன். படியே இல்லாத வீட்ல எந்தப் படில விழுந்தீங்க?” என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள்தான் அங்கே உண்மையைச் சொல்லச் சொன்னாள்.

அவசரப் பிரிவில் டூட்டி டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே எப்படி, எங்கே, எப்போது என்பதுதான். “அந்தப் பேப்பர்ல இருக்கறது தப்பு டாக்டர், கம்பெனில ஏணில இருந்து விழுந்தேன்” என்று சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், திட்டவில்லை. ஏ.ஆர். என்று சொல்கிற விபத்துப் பதிவேட்டில் தேதி, நேரம், கம்பெனி பேர், அம்பத்தூர், ஏணியிலிருந்து விழுந்ததாகச் சொல்கிறார் என்று எழுதினார். ‘சொல்கிறார்’ என்றுதான் எப்போதும் எழுதுவார்கள், டாக்டர் நேரில் பார்க்கவில்லை அல்லவா, அதனால் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஸ்டேஷனுக்குத் தகவல் போய், மறுநாள் ஒரு போலீஸ்காரர் வார்டுக்கே வந்து வாக்குமூலம் எழுதிக்கொண்டார், புகார் பதிந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் கிடைத்தது. அரை மணி நேர வேலை. இதற்குப் பயந்துதான் முதல் நாள் பொய் சொன்னேன்.

ஏ.ஆர். காப்பியை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எத்தனை சாட்சி வந்தாலும், அடிபட்ட அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என்ன சொன்னீர்கள் என்பதைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பார்கள். அடிபட்டவன் அந்த நேரத்தில் கதை கட்ட மாட்டான் என்பது அவர்கள் கணக்கு. நான்தான் கட்டினேனே.

குதிகால் ஆபரேஷன் உடனே செய்ய மாட்டார்கள். வீக்கம் வடிந்து, தோலில் சுருக்கம் விழுந்தால்தான் கத்தி வைப்பார்கள், இல்லாவிட்டால் தையல் போட்ட இடம் ஆறாது. அதனால் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு பத்து நாளுக்கு மேல் படுத்திருந்தேன். அந்த நாட்களில் காண்ட்ராக்டர் ஒருமுறை வந்தார், ஐந்தாயிரம் கொடுத்தார். “கம்பெனிக்கு நான் பக்குவமா சொல்லிக்கறேன், நீ பேசாத. அடுத்த வருஷம் ஏ.எம்.சி. போயிடும், ஏழு குடும்பம்டா” என்றார். நான் பேசவில்லை. ஆனால் அவரும் சொல்லவில்லை. கம்பெனியின் எச்.ஆர். மேடத்துக்கு என் மனைவி போன் செய்தபோது, “அப்படி ஒண்ணும் எங்களுக்கு ரிப்போர்ட் வரலையே, அவர் எங்க ஆளும் இல்லையே” என்று வைத்துவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. மெயின்டனன்ஸ் ஆள் ஒருவருக்கு மட்டும் விஷயம் தெரியும், அவரும் மேலே சொல்லவில்லை. ஆக, நான் விழுந்து ஒரு வாரமாகியும் காகிதத்தில் அந்த விபத்து நடக்கவே இல்லை.

பக்கத்துக் கட்டிலில் ஐம்பது வயது அண்ணன் ஒருவர் இருந்தார், பிரஸ் ஆபரேட்டர். சில வருஷம் முன்பு இரண்டு விரல் போய், நஷ்டஈடு வாங்கி, இப்போது பைக்கில் விழுந்து வந்திருந்தார். என் கதையைக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “ரெண்டு பேருக்கும் எழுதிக் குடுத்தியா?” போனில் சொன்னேன் என்றேன். “போன்ல சொன்னது காத்தோட போச்சு தம்பி. முதலாளிக்கு ஒண்ணு, இடத்துக்காரனுக்கு ஒண்ணு, ரெண்டு ரிஜிஸ்டர் தபால்.” அவர் சொல்லச் சொல்ல, என் மனைவி மகனுடைய நோட்டுப் புத்தகத்திலிருந்து தாள் கிழித்து எழுதினாள்.

ஏன் இரண்டு பேருக்கும் என்பதை அப்புறம் வக்கீல் எனக்குப் புரியவைத்தார். அப்போது இருந்தது 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். அதில் 12-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், ஒரு கம்பெனி தன் தொழிலில் வழக்கமாக வருகிற வேலையைக் காண்ட்ராக்டரிடம் கொடுத்து, அந்த வேலையில், தன் இடத்தில், அந்தக் காண்ட்ராக்டரின் ஆளுக்கு அடிபட்டால், இழப்பீட்டைக் கம்பெனியிடமே கேட்கலாம், கம்பெனி அதைக் காண்ட்ராக்டரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். காண்ட்ராக்டரிடம் நேராகக் கேட்பதையும் அது தடுக்கவில்லை. ஆனால் யாரிடம் கேட்பதாக இருந்தாலும் 10-ஆம் பிரிவுப்படி விபத்து பற்றிக் கூடிய சீக்கிரம் அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும், இரண்டு வருஷத்துக்குள் கிளெய்ம் போட்டிருக்க வேண்டும். முதலாளிக்கு வேறு வழியில் அப்போதே விஷயம் தெரிந்திருந்தால் அறிவிப்பு இல்லை என்பதற்காகத் தள்ளிவிட மாட்டார்கள், ஆனால் தெரிந்திருந்தது என்பதை நீங்கள்தானே காட்ட வேண்டும். அறிவிப்புக்கு வக்கீல் பாஷையும் வேண்டாம். அடிபட்டவர் பேர், விலாசம், எப்படி அடிபட்டது, என்ன தேதி, இதைச் சாதாரண மொழியில் எழுதினால் போதும் என்று சட்டமே சொல்கிறது. அதனால் நோட்டுத் தாளில் என் மனைவி எழுதியது செல்லும்.

இரண்டு கடிதமும் ஒரே மாதிரி இல்லை. காண்ட்ராக்டருக்கு எழுதியதில் எத்தனை வருஷமாக வேலை செய்கிறேன், என்ன கூலி, அன்றைக்கு அவர் சூப்பர்வைசர் யார், என்ன வேலை கொடுத்தார், எப்படி விழுந்தேன், இதுவரை என்ன செலவு என்று எழுதி, ஆளுங்களுக்கு ஏதாவது இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் அந்தக் கம்பெனிக்கும் தகவல் கொடுக்கச் சொன்னோம். கம்பெனிக்கு எழுதியதில் எந்த ஷெட், எந்த மெஷின் பக்கம், தரையில் ஆயில் இருந்தது, எந்த நேரம், தூக்கிவிட்ட செக்யூரிட்டி பற்றி எழுதி, அன்றைய கேட் நோட்டையும் சி.சி.டி.வி. பதிவையும் அழிக்காமல் வைக்கும்படி கேட்டோம். இந்தக் கடைசி விஷயத்தில் நாங்கள் பிந்திவிடவில்லை என்பது அதிர்ஷ்டம்தான். கேமராப் பதிவு சில வாரத்தில் தானாகவே அழிந்து மேலே புதுசு ஏறிவிடும், அதனால் இதை முதல் வாரத்திலேயே எழுதிவிட வேண்டும். இரண்டு கடிதத்தின் அடியிலும் ‘நகல்’ என்று போட்டு மற்றவர் பேரை எழுதினோம். அவனுக்குச் சொன்னது இவனுக்குத் தெரியும், இவனுக்குச் சொன்னது அவனுக்குத் தெரியும். ஒருவர் இன்னொருவர் மேல் சாக்கு சொல்ல முடியாது. தபால் ரசீது, திரும்பி வந்த ஒப்புகை அட்டை, கடிதத்தின் ஜெராக்ஸ், மூன்றையும் ஒரே கவரில் போட்டு வைத்தோம். 2025-இல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், இப்போது கவுன்ட்டரில் ஸ்பீடு போஸ்ட் என்று கேட்டு, கையெழுத்து வாங்கிக் கொடுத்ததற்கு ஒப்புகையும் கேளுங்கள்.

காண்ட்ராக்டருக்கு எழுதும்போது எனக்குக் கை கூசியது. அவர் சோற்றைத் தின்றுவிட்டு அவருக்கே நோட்டீஸ் விடுவதா என்று. அதனால் ‘உங்கள் மேல் புகார் இல்லை, நடந்ததைத் தெரிவிக்கிறேன்’ என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியால் கெடுதலும் வரவில்லை, நல்லதும் வரவில்லை. கடிதம் சேர்ந்த மறுநாள் அவர் வார்டுக்கு வந்து, “என்ன தம்பி, கோர்ட்டு வரைக்கும் போயிட்ட” என்றார். கையில் இருபது ரூபாய் முத்திரைத்தாள். அதில் ஐம்பதாயிரம் பெற்றுக்கொண்டேன், இந்த விபத்து சம்பந்தமாக இவரிடமோ கம்பெனியிடமோ இனி எந்தப் பாக்கியும் இல்லை, எதிர்காலத்தில் எதுவும் கேட்க மாட்டேன் என்று டைப் செய்திருந்தது. பணத்தையும் கட்டாக எடுத்து வைத்தார். அடகு வட்டி ஓடுகிறது, ஸ்கூல் ஃபீஸ் நிற்கிறது. பேனாவை வாங்கிவிட்டேன், அது உண்மை. பக்கத்துக் கட்டில் அண்ணன் சும்மா இருமினார். நான் “மனைவி வரட்டும்ணே, கேட்டுட்டுப் போடறேன்” என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். காண்ட்ராக்டர் பணத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்த இடத்தில் பலபேர் மாட்டுகிறார்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதுகிற ஒப்பந்தம் அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி செல்லாது. மொத்தத் தொகை பேசி முடிப்பதென்றால் அந்த ஒப்பந்தத்தை இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும், தொகை ரொம்பக் குறைவு என்று பட்டால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். ஆகவே ஏற்கெனவே அவசரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிட வேண்டாம். ஆனால் செல்லாத பேப்பராக இருந்தாலும் அது எதிர்த்தரப்பு கையில் இருந்தால் ஆறு மாசம் அதைப் பற்றியே பேசுவார்கள். பணம் வாங்கினால், இன்ன தேதியில் இன்ன மருத்துவச் செலவுக்காக இவ்வளவு வாங்கினேன் என்று மட்டும் எழுதிக் கொடுங்கள்.

கம்பெனிக் கடிதத்துக்கு மூன்று வாரம் கழித்து பதில் வந்தது. அதற்குள் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். லெட்டர்ஹெட்டில், சீல் வைத்து, நல்ல கனமான பேப்பரில். நீங்கள் எங்கள் ஊழியர் அல்ல, எங்களுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று முதல் பத்தி. படித்துவிட்டு என் மனைவி அழுதாள். எனக்கும் வயிறு கலங்கியது. அடுத்த பத்தியை நாங்கள் சரியாகப் படிக்கவே இல்லை, வக்கீலிடம் போனபோது அவர்தான் அதில் கோடு போட்டார். ‘21-ஆம் தேதி எங்கள் வளாகத்தில் லைட் பொருத்தும் பணியின்போது தாங்கள் காயமடைந்தது தொடர்பாக, தங்கள் காண்ட்ராக்டர் எடுத்துள்ள தொழிலாளர் இழப்பீட்டு பாலிசியின் கீழ் அணுகவும்’ என்று எழுதி பாலிசி எண்ணும் கொடுத்திருந்தார்கள். எங்களைத் தள்ளிவிடுகிற அவசரத்தில், நான் அன்றைக்கு அங்கே இருந்தேன், அங்கேதான் அடிபட்டேன் என்று அவர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நர்சிங் ஹோம் பேப்பரில் இருந்த மாடிப்படிக்கு எதிராக எங்களிடம் இருந்த பெரிய ஆயுதம் இதுதான்.

பாலிசி விஷயம் காண்ட்ராக்டர் வாயிலிருந்து வரவே இல்லை. ஒர்க் ஆர்டர் கொடுக்கும்போதே ஆட்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கணும் என்று கம்பெனி கேட்டு, அவர் வாங்கி ஒரு காப்பியைப் பர்ச்சேஸ் பிரிவில் கொடுத்திருந்தார். ஐந்து ஆளுக்குத்தான் எடுத்திருந்தார், நாங்கள் ஏழு பேர், அதுதான் அவர் பயம். இதெல்லாம் இடத்துக்காரன் ஃபைலில் இருக்கும். உங்கள் காண்ட்ராக்டர் என்ன பாலிசி வைத்திருக்கிறார் என்பது உங்களைவிட சைட் ஓனருக்கு நன்றாகத் தெரியும், அதற்காகவே அவருக்கும் எழுத வேண்டும். இன்சூரன்ஸ்காரரும் விபத்துத் தகவல் உடனே வரவில்லை என்று தகராறு செய்வார், அதனால் பாலிசி எண் கிடைத்த அன்றே அவர்களுக்கும் ஒரு கடிதம் போட்டுவிடுங்கள்.

இடையில் ஈ.எஸ்.ஐ. பற்றிச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் கேட்கிறார்கள். என் மாசச் சம்பளம் 22,100, அப்போதைய ஈ.எஸ்.ஐ. வரம்பு 21,000. அதனால் நான் அதில் வரவில்லை. ஏணி பிடித்த பையனுக்கு மாசம் 14,000, அவன் விழுந்திருந்தால் வழியே வேறு. ஈ.எஸ்.ஐ.யில் வருகிறவர் வேலைக் காயத்துக்கு அங்கேதான் வாங்க வேண்டும், இழப்பீட்டுச் சட்டத்தில் தனியாகக் கேட்க முடியாது. காண்ட்ராக்ட் ஆளுக்கும் ஈ.எஸ்.ஐ. பணத்தை முதலில் கட்ட வேண்டிய பொறுப்பு பிரின்சிபல் எம்ப்ளாயரான கம்பெனிக்குத்தான், அது பின்னால் காண்ட்ராக்டரிடம் பிடித்துக்கொள்ளும். ஆக அவனும் இரண்டு பேருக்கும்தான் எழுத வேண்டும்.

2023 மார்ச்சில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் துணை ஆணையர் முன்பு மனு போட்டோம். அவர்தான் இழப்பீட்டு ஆணையராகவும் இருப்பார். காண்ட்ராக்டர், கம்பெனி, இன்சூரன்ஸ் மூன்று பேரும் எதிர்மனுதாரர்கள். கணக்கு எப்படி என்றால், அந்தச் சட்டத்தில் மாசச் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000-க்கு மேல் எடுக்க மாட்டார்கள். அதில் 60 சதவீதம், அதாவது 9,000. அதை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும், விழுந்தபோது எனக்கு 34, அதற்கு 199.40. வருவது 17,94,600. இது உழைக்கும் சக்தி முழுதாகப் போனவருக்கு. எனக்கு எவ்வளவு சதவீதம் போனதோ அவ்வளவு. விரல், கை போனால் சதவீதம் சட்டத்திலேயே அட்டவணையாக இருக்கிறது, குதிகால் முறிவு அதில் இல்லை, டாக்டர்தான் மதிப்பிட வேண்டும். என் டாக்டர் 20 கொடுத்தார், அப்படியானால் 3,58,920. அவர்கள் பக்கம் 10 என்றார்கள். இங்கே ஒரு விஷயம். டாக்டரிடம் போகும்போது கால் வலிக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள், அவர் பார்க்க வேண்டியது சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு குறைந்தது என்பதை. நான் ஏணியில் நிற்க முடியவில்லை, சமதரை இல்லாத இடத்தில் நடக்க முடியவில்லை, எலக்ட்ரீஷியன் வேலையில் பாதி அதுதான் என்று விளக்கினேன், அவர் அதைச் சான்றிதழில் எழுதினார்.

சம்பளத்துக்கு சிலிப் கிடையாது. வாரா வாரம் ஜிபேயில் அவர் அனுப்பிய பணத்தை பேங்க் ஸ்டேட்மென்ட்டாக எடுத்தோம், அதுவே சம்பளத்துக்கும் நான் அவர் ஆள் என்பதற்கும் ஆதாரம் ஆனது. வாட்ஸ்அப் குரூப்பில் சனிக்கிழமை ராத்திரி சூப்பர்வைசர் போட்ட ‘நாளை 8 மணி கேட்’ என்ற மெசேஜும் எங்கள் பேர்களும் இருந்தது, அதையும் கொடுத்தோம். கையில் ரொக்கம் வாங்குகிறவர்கள் மாசத்தில் ஒன்றிரண்டு தடவையாவது பேங்கில் போடச் சொல்லுங்கள்.

கம்பெனி வக்கீல் பிடித்தது 12-ஆம் பிரிவின் வார்த்தையை. நாங்கள் மெஷின் பார்ட் செய்கிறோம், லைட் மாட்டுவது எங்கள் தொழிலா என்றார். அது வெறும் விதண்டாவாதம் இல்லை, நிஜமாகவே வழக்குகள் இதில் தோற்கின்றன. ஒரு வீட்டுக்காரர் சுவருக்குப் பெயின்ட் அடிக்க ஆள் கூப்பிட்டு அந்த ஆள் விழுந்தால், வீட்டுக்காரருக்கு அது தொழிலே இல்லை, இந்தப் பிரிவு அங்கே நிற்காது. எங்கள் பக்கம், வருஷம் முழுக்க மெயின்டனன்ஸ் காண்ட்ராக்ட், போதுமான வெளிச்சம் இல்லாமல் ஃபேக்டரி ஓட்டவே சட்டம் விடாது, அப்புறம் எப்படி இது தொழிலுக்கு வெளியே என்று வாதாடினோம். முடிவு தெரிவதற்குள் இன்சூரன்ஸ் பக்கம் பேச வந்துவிட்டார்கள்.

அவர்கள் கையில் இருந்தது நர்சிங் ஹோம் டிஸ்சார்ஜ் பேப்பர். குறுக்கு விசாரணையில் என்னிடம் கேட்டார்கள். இது உங்கள் கையெழுத்தா? ஆமாம். வீட்டுப் படியில் விழுந்ததாகச் சொன்னீர்களா? சொன்னேன். அப்போ பொய் சொன்னீர்களா, இப்போது பொய் சொல்கிறீர்களா? எனக்கு வேர்த்துக்கொட்டியது. என் வீட்டில் படியே இல்லை சார் என்றேன், ரூமில் யாரோ சிரித்தார்கள். எங்கள் வக்கீல் வெளியே வந்து முகத்துக்கு நேராகச் சொன்னார், “அந்த லைன் இல்லன்னா பேரமே பேசிருக்க மாட்டேன்.”

2024 நவம்பரில் 2,75,000-க்கு முடிந்தது. ஆணையர் முன்னால் பதிவு செய்து, பணம் இன்சூரன்ஸிடமிருந்து வந்தது. பதினைந்து சதவீதம் வைத்தாலே அசல் 2,69,190, தாமதத்துக்கு வருஷம் 12 சதவீதம் வட்டி தனி. இரண்டு வருஷ வட்டியை ஏறக்குறைய முழுசாக விட்டேன் என்று அர்த்தம். வேலைக் காயத்துக்கு ஆன மருத்துவச் செலவை முதலாளி தனியாகக் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருந்தாலும், நர்சிங் ஹோமின் 38,400 பில்லைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார்கள், அது வீட்டில் விழுந்தவரின் பில் அல்லவா. வக்கீலுக்கு 27,500. ஆறு மாசம் வேலை இல்லாமல் போன கூலி 1,32,600. சங்கிலியை மீட்டுவிட்டோம்.

என் விஷயம் பழைய சட்டத்தில் நடந்தது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, இழப்பீட்டுச் சட்டமும் ஈ.எஸ்.ஐ. சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டன. அதற்கப்புறம் அடிபட்டவர்கள் மனு போடும்போது பிரிவு எண்களைப் புதிய தொகுப்பில் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

காண்ட்ராக்டர் அண்ணனுக்கு அந்த ஏ.எம்.சி. போகவில்லை, இன்னும் அவர்தான் செய்கிறார். ஒருமுறை அம்பத்தூர் ஓ.டி. டீக்கடையில் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தார், கால் எப்படி இருக்கு என்று கேட்டார். மழைக்காலத்தில் மட்டும் குத்தும் அண்ணே என்றேன். இப்போது எத்தனை ஆளுக்கு பாலிசி எடுத்திருக்கிறீர்கள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, கேட்கவில்லை. இப்போது நான் பாடியில் ஒரு பேனல் போர்டு கடையில் உட்கார்ந்து வயரிங் செய்கிறேன், மாசம் 18,000. ஈ.எஸ்.ஐ. உண்டு, சேர்ந்த அன்றே நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.